தேவராஜ் விட்ட இடைவெளி

காலை ஒன்பதரை மணி, மூன்று கேமரா, ஒரு தேவராஜ். படூரில் ஒரு பழைய கிடங்குக்குள் எங்கள் நகைச்சுவைத் தொடரின் முதல் நாள். சிரிக்கவைக்கும் தொழிலில், சிரிக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் அதிகம். நானும் அவர்களில் ஒருவன். நாளிதழில் பல வருடம் பிழை திருத்திவிட்டு, எந்த நடிகர் எந்தக் கையில் டம்ளர் பிடித்தார் என்று குறித்துவைக்கும் வேலைக்கு வந்திருந்தேன். ஜோக் சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தையே பார்த்து நின்ற அனுபவம் உள்ளவர்களே, இது நம் கதை.

மூன்று சுவர் வீடு

செட்டில் வீட்டுக்கு மூன்று சுவர்தான். நான்காவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கேமராக்கள், அவற்றுக்குப் பின்னால் நாற்காலிகளில், பார்த்துச் சிரிப்பதற்கென்று அழைத்துவந்த பொத்தேரி விடுதி மாணவர்கள். மூன்று கேமராவும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் யார் முகத்திலும் நிழல் விழக்கூடாது. மேலிருந்து சமமாகக் கொட்டிய வெளிச்சத்தில் வீடு பாத்திரக் கடைபோல மின்னியது. காட்சி நிற்காமல் நாடகம்போல ஓடும். இயக்குநர் நிர்மலா திரைகளைப் பார்த்து எந்தக் கேமரா என்று சொல்லிக்கொண்டே போவார்.

தேவராஜ் செங்கல்பட்டில் ஒரு வங்கிக் கிளையின் உதவியாளர்; சர்ச் கிறிஸ்துமஸ் நாடகங்களில் முப்பது வருடக் கோமாளி. இங்கே வீட்டுக்காரர் வேடம். “வாடகைய ஏத்தலம்மா, வூட்டத்தான் கொஞ்சம் சின்னதாக்கிட்டேன்” என்றார். அரங்கு அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை அசையாமல் நின்று, பிறகுதான் அடுத்த வரியைச் சொன்னார். எப்படிச் சரியாக நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். “சிரிப்பு பஸ்ஸு மாதிரி சார். முழுசா நின்னப்புறம்தான் எறங்கணும்.”

கடலோரத்தில் ஒரே கேமரா

இரண்டு பகுதிகளைப் பார்த்த தயாரிப்பாளர், பழைய நாடகம் மாதிரி இருக்கிறது, நிஜ வீட்டில் ஒரே கேமராவில் எடுங்கள் என்றார். மாமல்லபுரம் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அதே காட்சி. முதலில் முழு அறையும் தெரிய ஒருமுறை. பிறகு விளக்குகளை மாற்றி, தேவராஜ் முகம் மட்டும். மறுபடி எல்லாவற்றையும் திருப்பிவைத்து, குடித்தனக்காரியாக நடித்த சோபியாவின் முகம். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது; பார்க்க அழகுதான்.

தேவராஜ் வரியைச் சொன்னார். நின்றார். ஒலிப்பதிவு ஓடுவதால் எல்லோரும் வாயை மூடியிருந்தோம். அவர் நின்றுகொண்டேயிருந்தார். நிர்மலா கட் சொல்லி, “ஏண்ணே நின்னுட்டீங்க?” என்றார். “சிரிப்பு வரும்னு பாத்துகினு இருந்தேம்மா.”

சிரித்த ஒருவர்

மூன்றாவது தடவை எடுத்தபோது, டீ கொண்டுவந்த முனியம்மா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். தேவராஜ் முகம் மலர்ந்தது. ஒலிப்பதிவாளர் பாபு ஹெட்போனைக் கழற்றினார். “யக்கா, உன் சிரிப்பு இவரு க்ளோசப்ல வுழுந்துட்சி. மத்த ஷாட்லயும் கரெக்டா அதே எடத்துல சிரிச்சாத்தான் ஒட்ட முடியும்.” சாயங்காலம் வரை அதே வரி போய்க்கொண்டிருந்தது. அடுத்த டீயுடன் வந்த முனியம்மா வாசலிலேயே நின்றார். “இனிமே சிரிக்கமாட்டேன் நைனா. இத்தினி தபா கேட்டா அழுகதான் வருது.”

வெட்டும் மேசை

தயாரிப்பாளர் முடிவு சொன்னார்: தேவராஜ் இழுக்கிறார், திங்கட்கிழமை வேறு ஆள். தேவராஜ் சம்பளமில்லா விடுப்பில் வந்தவர். அவர் தெரு முழுக்கத் தொடருக்காகக் காத்திருந்தது. நிர்மலா ஒருநாள் தவணை கேட்டு எடிட்டர் குமரனிடம் போனார். நானும் என் நோட்டோடு போனேன்.

குமரன் முதலில் எல்லா இடைவெளியையும் வெட்டினார். வரிகள் விரைந்தன, ஜோக் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. என் நோட்டில் ஒரு விஷயம் இருந்தது. அந்த முதல் தடவை தவிர, எல்லாத் தடவையும் தேவராஜ் நின்றது மூன்றே வினாடி, ஒரே நிலையில், கை இடுப்பில். அப்படியானால் எந்த ஷாட்டோடும் ஒட்டும். குமரன் வெட்டியதைத் திரும்பச் சேர்த்தார். வாடகை வரி. சோபியாவின் வெறித்த பார்வை. மறுபடி தேவராஜ், இன்னும் காத்துக்கொண்டு. தன் பெருந்தன்மைக்குப் பாராட்டு வரும் என்று நம்பி நிற்கும் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். மூன்று பேரும் நாற்காலியைத் தட்டிச் சிரித்தோம்.

தயாரிப்பாளரும் பார்த்துச் சிரித்தார். புது ஆள் வேண்டாம் என்றார். கிளம்பும்போது நிர்மலா எங்கள் இருவரையும் நிறுத்தினார். “தேவராஜண்ணன்ட்ட அந்த மூணு வினாடிக்குத்தான் சிரிச்சோம்னு சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நடிக்க ஆரம்பிச்சிடுவாரு.”

மூன்று கேமரா என்றால் நடிகர் காத்திருக்கவேண்டும், ஒரு கேமரா என்றால் நாங்கள் வாயை மூடியிருக்கவேண்டும். பங்குனி முதல் வெள்ளிக்கிழமை தொடர் வெளியானது, எல்லாப் பகுதிகளிலும் தேவராஜ் இருக்கிறார்.