சீட்டுக்கடியில் வெச்ச பிடிமண்

எங்க அண்ணன் பொண்டாட்டி பாப்பாத்தி, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் முப்பது வருசமா கரும்பு வெட்டுனவ. சாமிக்கு மட்டுந்தான் பயப்படுவா. புனேல இருக்கிற மருமக சுபஸ்ரீக்கு ரெண்டு தடவ கரு நிக்கல. மூணாவது நிக்கணுமேன்னு குலசாமி கோயில்ல பிடிமண் எடுத்து, சின்ன பித்தளைச் செம்புல போட்டுக் கட்டி எடுத்துக்கினா. மகன் வூடு சேர்ற வரைக்கும் அதத் தரையில வெக்கக் கூடாது. மண்ணோட வர்ற சாமி வெச்ச எடத்துலயே தங்கிடும்.

விமானத்துல துணைக்கு நான் போனேன். "டிராலிப் பெட்டில வெச்சுடுங்க அண்ணி"ன்னேன்.

"அது தரையில உருண்டுகினு வருது. சாமிய உருட்டிகினா போவ, செவ்வந்தி?"ன்னு கைப்பையில வெச்சு இடுப்போட அணைச்சுக்கினா. செக்கிங்ல செம்பத் தொறந்து பாத்தப்பவும் மேசை மேலதான் வெச்சா.

கம்மி விலை டிக்கெட்டு. ஆளுக்கு ஏழு கிலோ பெட்டி ஒண்ணு, சின்னக் கைப்பை ஒண்ணு, அவ்ளோதான். கடைசியாத்தான் ஏறினோம். எங்க டிராலிய வெச்சதும் மேல்தட்டு ரொம்பிப் போச்சு.

பணிப்பொண்ணு வந்து, "கைப்பைய முன்சீட்டுக்கு அடியில வெச்சுடுங்கம்மா"ன்னுச்சு.

"மடியிலயே வெச்சுக்கிறம்மா."

"கெளம்புறப்பவும் எறங்குறப்பவும் மடியில எதுவும் இருக்கக் கூடாதும்மா."

டிராலிய எறக்கிட்டு இத மேல வெக்கலாம்னா, டிராலி சீட்டுக்கடியில நுழையல. அண்ணி அழுதுடுச்சு. எல்லாரும் எங்களையே பாக்கறாங்க. எனக்கு மானமே போச்சு. "இன்னா அண்ணி, மண்ணுக்கா இந்தப் பாடு!"ன்னு பைய வெடுக்குனு புடுங்கிக் கீழ போட்டு, வலது காலால உள்ள தள்ளினேன்.

அண்ணி என்னையே பாத்துச்சு.

விமானம் மேல ஏறுறப்ப என் வலது குதிகாலை யாரோ புடிச்சாங்க. ஈரமான சின்ன விரலுங்க, அஞ்சும் தெரிஞ்சுது. அண்ணி கை ரெண்டும் மடியில இருக்கு. குனிஞ்சு பாத்தேன், பை மட்டுந்தான். கால இழுத்தேன், விடல. எறங்கற வரைக்கும் விடல.

புனேல எல்லாரும் எறங்கறாங்க, அண்ணி எறங்கல. செம்பத் தூக்கிப் பாத்து, "இதுல இல்ல"ன்னா. மண்ண என் முந்தானையில கொட்டிட்டு, மண்டி போட்டு, சீட்டுக்கடியில கெடந்த தூசியக் கையால கூட்டி அள்ளிச் செம்புல போட்டா. சாமி வெச்ச எடத்துல தங்கிட்டா அங்கேர்ந்துதானே மறுபடியும் பிடிமண் எடுக்கணும்?

இந்தத் தடவ கரு நின்னுச்சு. பேரன் பொறந்தான். எட்டாவது மாசம் ஊருக்குத் தூக்கிகினு வந்தாங்க. நல்லாத்தான் இருக்கான், எல்லார்கிட்டயும் சிரிக்கிறான்.

என்கிட்ட மட்டும் சிரிக்கல. தவழ்ந்துகினே கட்டிலுக்கு அடியில பூந்து, நான் தொங்கப் போட்டிருந்த ரெண்டு கால்ல வலது குதிகாலை மட்டும் புடிச்சுக்கினான். ஈரமான சின்ன விரலுங்க. இழுத்தேன், விடல.

"பயப்படாத, கொழந்தைதான்"னுச்சு அண்ணி, என் மூஞ்சியப் பாக்காம.