மேளத்தை நிறுத்த ஓர் ஆள்

குமுதாவுக்குக் கூட்டங்கள் என்றாலே பிடிக்காது. ஈப்போவில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவளுக்கு, யாரோ மைக் பிடித்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பொறுமை ஏது? அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பழைய தோட்டத்து முருகன் கோயில் மண்டபத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ஒரு வாரம். தொண்டூழியர்களுக்கு யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்லும் கூட்டம் அது.

அவள் பிறந்த தோட்டம்தான். ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் பாதி அழித்து வீடமைப்புக்குக் கொடுத்தார்கள். லயத்து வீடுகள் போய்விட்டன, சனம் சிதறிவிட்டது. கோயில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. திருவிழாவன்று தெலுக் இந்தானிலிருந்தும் கமுந்திங்கிலிருந்தும் பழைய குடும்பங்கள் வந்து இறங்கினால், சின்னச் செம்மண் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது.

போன வருடம் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் அவள் புருஷன் கனகராஜ் காவடியோடு விழுந்தான்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் விழுந்தான். சாமி வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். தூக்கி உட்கார வைத்தார்கள், நெற்றி நிறைய விபூதி பூசினார்கள், வாயில் எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள், வேல் வேல் என்று கத்தினார்கள். உறுமி இன்னும் உக்கிரமாக ஏறியது. காலைத் தொட்டுப் பார்த்த குமுதாவுக்கு மட்டும் அது அருள் இல்லை என்று தெரிந்தது. கத்தினாள். அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

இந்த வருடம் அப்பனின் பாதி நின்ற நேர்த்திக்கடனை மகன் தனேஸ்வரன் எடுக்கிறான். வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அப்பனைப் போலவே பிடிவாதம். அவனைத் தடுக்க முடியாது என்று ஆனபின்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்தாள். இங்கே அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

தர்மா பொறுப்பாளர். தீயணைப்பு நிலையத்தில் வேலை, அதனால் பேச்சும் மணியடித்த மாதிரி இருந்தது. கார் நிறுத்துமிடம், தண்ணீர்ப் பந்தல், காணாமல் போகும் பிள்ளைகள், வளைவுகள் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் பிரித்தான்.

"குமுதா அக்கா, நீங்க தண்ணிப் பந்தல்."

"எனக்குத் தொட்டி வளைவு வேணும் தம்பி."

"அக்கா, சொந்தக்காரங்க காவடி எடுக்குற பாதையில யாரையும் போடுறதில்ல. பதறிப் போயிருவாங்க லா. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அதான் ரூல்."

நியாயமான பேச்சுத்தான். நியாயமாக இருப்பதால் வலிக்காமல் போய்விடுமா?

அடுத்து மிஸ்ஸி சுபாஷினி எழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தாதி, ஈப்போக்காரி. முதலுதவிக்கு அவள்தான் தலை.

"ஒருத்தர் விழுந்தா, அது அருளா மயக்கமான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. ரெண்டு தோளையும் தட்டி, சத்தமாக் கூப்பிடுங்க. பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லன்னா உடனே நெஞ்ச அமுக்க ஆரம்பிக்கணும். தெரிஞ்சவங்க அமுக்குங்க, தெரியாதவங்க எங்களக் கூப்பிடுங்க. ஒருத்தர் 999 அடிக்கணும். ஒருத்தர் சந்திக்கு ஓடி ஆம்புலன்ச உள்ள கூட்டிட்டு வரணும். மத்தவங்க வெளிய பார்த்து வட்டமா நின்னு கூட்டத்தத் தள்ளி வைங்க. வாயில தண்ணியோ பழமோ எதுவும் ஊத்தாதீங்க."

மண்டபத்தில் இரண்டு மூன்று தலைகள் குனிந்தன. எலுமிச்சம்பழம் பிழிந்த கைகள் யாருடையவை என்று குமுதாவுக்குத் தெரியும். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"மிஸ்ஸி, நீங்க கூப்பிடுறது யாருக்குக் கேக்கும்? மூச்சு இருக்கா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க? உறுமிய யாரு நிறுத்துறது?"

மிஸ்ஸி தர்மாவைப் பார்த்தாள். தர்மா கோயில் தலைவர் அப்பாவுவைப் பார்த்தான். அந்தக் கோயிலில் உறுமி அவர் கை உயர்ந்தால்தான் நிற்கும். அவரோ ஊர்வலத்தின் தலையில், ரதத்தின் பக்கத்தில் இருப்பார்.

"சாமி ஆடுறப்ப நடுவுல நிறுத்துனா, சாமி பாதியிலயே மலையேறிரும். குத்தம்மா அது," என்றார் அப்பாவு. "ஆளாளுக்கு நிறுத்தச் சொன்னா ஊர்வலம் நகருமா?"

"எம்மவன் தூக்குறான் அண்ணே."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. உறுமிக் குழுவின் தலைவன் சீனி.

"அண்ணே, போன வருசம் நான் உங்க கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். அக்கா வாய் அசையுறதயும் பாத்தேன். சாமி கும்பிடுறாங்கன்னு நெனச்சு இன்னும் ஓங்கி அடிச்சேன்." "இந்த வருசம் யாரு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திருவேன். நீங்க கோவிச்சிக்கிட்டா கோவிச்சிக்குங்க."

அப்பாவு சன்னதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கனகராஜின் கருமாதியை முன்னின்று நடத்தியவர் அவர்தான். கல் நெஞ்சக்காரர் இல்லை, சாமிக்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

"சரி, நிறுத்துங்க," என்றார் கடைசியில். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் கையில் சிவப்புத் துணி. துணி உயர்ந்தால் யாரையும் கேட்காமல் உறுமி நிற்க வேண்டும். தர்மா அப்படி முடிவு செய்து, இப்போதே ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்றான். அங்கேதான் முட்டிக்கொண்டது. விழுந்து கிடப்பதாக நடிக்க ஒருவர் வேண்டும். கொடியேற்றத்துக்கு முன்னால், சாமி சன்னதிக்கு எதிரே, பிணம் மாதிரிப் படுக்க யாருக்கு மனம் வரும்? வாய் கிழியப் பேசிய வாலிபர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தடவ ஆரம்பித்தார்கள்.

குமுதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய்ப் படுத்தாள்.

"அக்கா, நீங்க வேண்டாம்," என்றான் தர்மா.

"எனக்கு இனி என்ன அபசகுனம் தம்பி? அடிக்கச் சொல்லு."

சிமெண்டுத் தரை முதுகில் சில்லிட்டது. உறுமி முழங்கியது. அதிர்வு தரை வழியாக அவள் எலும்புக்குள் ஏறியது. கனகராஜ் கடைசியாகக் கேட்டதும் இதைத்தானா என்று நினைத்தாள். யாரோ துணியைத் தூக்கினார்கள்.

உறுமி நின்றது.

அவ்வளவுதான். வெளியே செம்பனை மட்டை உரசுவது கேட்டது. யாரோ செருமுவது கேட்டது. மிஸ்ஸி தோளைத் தட்டி, "அக்கா, அக்கா, கேக்குதா?" என்று கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. பதில் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியதை அவள் துடைக்கவில்லை. மேளத்தை நிறுத்துவது இத்தனை சுலபமா? ஒரு முழத் துணி போதுமா?

"முடிஞ்சிருச்சு அக்கா, எழுந்திரிங்க," என்று மிஸ்ஸி கையை நீட்டினாள். சீனி உறுமியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

குமுதா எழுந்திருக்கவில்லை.

"சீனி, துணி தூக்குனதுக்கப்புறமும் ரெண்டு அடி அடிச்ச," என்றாள் மேலே கூரையைப் பார்த்தபடியே. "இன்னொரு வாட்டி அடி. இந்த வாட்டி விழுந்தது எம்மவன்."

சீனி உறுமியை எடுத்து மறுபடி தோளில் மாட்டிக்கொண்டான்.