சாம்பார் பொடி கேட்டதும் சம்பந்தி வந்ததும்

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து நான் வீட்டில் இருந்த வாரம் அது. ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணுக்கு போன் திரையில் இருப்பது எல்லாமே எறும்பு. தரமணியில் வேலை பார்க்கும் என் மகன், காலையில் கிளம்பும் முன் போனில் குரல் உதவியை வைத்துக் கொடுத்தான்.

"பார்க்கவே வேண்டாம்மா. 'கால்' போட்டு பேரைச் சொல்லு, அதுவே கூப்பிட்டுடும்."

முதலில் நாத்தனார் வீட்டுக்காரரைக் கூப்பிடப் பார்த்தேன். "கால் அத்திம்பேர்" என்றேன். அப்படி யாருமில்லை என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது. மகன்தான் எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தான்.

சரி, பொடி தீர்ந்துவிட்டதே என்று, அரைத்துத் தரும் பெண்மணிக்காக "கால் சாம்பார் பொடி" என்றேன். "காலிங் ஸாம்பாண்டி" என்றது. யார் அது என்று யோசிப்பதற்குள் மணி அடித்தது. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கே என்று தடவுவதற்குள் குரல் வந்துவிட்டது.

"சொல்லுங்கோ."

மருமகளின் அம்மா, போனில் 'சம்பந்தி' என்று இருப்பவர். வீடு பெசன்ட் நகர். பேரனுக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார்த்துவது என்பதில் ஆரம்பித்த மனத்தாங்கலில், நாங்கள் பேசி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

தவறிப்போய் வந்த அழைப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "சாம்பார் பொடி..." என்று இழுத்தேன்.

"நேத்திக்குத்தான் அரைச்சேன். கண்ணை வச்சிண்டு நீங்க அலைய வேண்டாம், எடுத்துண்டு வரேன்."

மதியமே ஆட்டோவில் வந்தார். காபி குடித்தபடி நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனை வாங்கினார்.

"எங்காத்துலயும் இதே கூத்துதான். தமிழ்ப் பேரை இது இங்கிலீஷ் மாதிரி வாசிக்கறது. அது எப்படிச் சொல்றதுன்னு கேட்டு, எழுத்தை மாத்திண்டே போகணும்."

அத்திம்பேருக்கு இரண்டு எழுத்துகள் கூட்டினார். சொல்லிப் பார்த்தோம், பிடிபடவில்லை. இன்னும் ஒன்றை மாற்றியதும், அத்திம்பேரே எடுத்து என்ன விஷயம் என்றார். விஷயம் ஒன்றுமில்லை என்று வைத்தோம்.

"சாம்பார், சம்பந்தி ரெண்டும் ஒரே மாதிரி கேக்கறது. ஒண்ணை மாத்தியாகணும்" என்றார்.

"பொடிக்காரியை மாத்திடலாமே."

"வேண்டாம், என்னையே மாத்துங்கோ. பெசன்ட் நகர்னு போடுங்கோ. இங்கிலீஷ் பேர்னா அதுக்கு நன்னா புரியும்."

சொல்லிப் பார்த்தேன். அவர் கைப்பைக்குள் போன் ஒலித்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதை எடுத்து, "சொல்லுங்கோ" என்றார்.

சாயங்காலம் வந்த மகன் சமையலறையில் மாமியாரைப் பார்த்துத் திகைத்தான். விவரம் கேட்டுவிட்டு, தான் வைத்துக் கொடுத்தது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டான்.