அடுத்து என்ன செய்வாய்?

நன்னிலம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவ்வந்தி சிஸ்டரைப் பற்றி ஊரில் பெரிய கதைகள் கிடையாது. விருது வாங்கவில்லை. அவர் கைராசிக்காரர் என்றுகூட யாரும் சொன்னதில்லை. அவசரத்தில் அவர் குரல் உயராது என்பார்கள், அவ்வளவுதான். அந்த நிதானம் பிறவியில் வந்ததல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், தஞ்சாவூரில் நர்ஸிங் படித்தபோது ஒரு தோல்வியிலிருந்து வந்தது.

இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் செவ்வந்தி தோற்றாள். பாடம் தெரியாமல் இல்லை. மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு எதைக் கேட்டாலும் தடங்கலில்லாமல் சொல்வாள். ஆனால் தேர்வாளர் ஒரு நோயாளியைச் சொல்லால் கட்டிலில் படுக்க வைத்து, "அடுத்து என்ன செய்வாய்?" என்று கேட்டால், அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்குத் திடீரென்று குளிரும் நடுக்கமும் வருகிறது. அடுத்து?"

"டாக்டருக்குத் தகவல் சொல்வேன்."

"இன்சுலின் போட்ட நோயாளி காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. இப்போது வியர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது."

"டாக்டருக்குத் தகவல் சொல்வேன்."

நான்காவது கேள்விக்கும் அதையே சொன்னபோது தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். "நீ நர்ஸா, தபால்காரியா?" என்றார்.

அவள் வளர்ந்த ஊரை அறிந்தவர்களுக்கு அந்தப் பதில் வியப்பாக இருக்காது. அவள் தகப்பனார் மருதையன் பண்ணை ஆள். மழையில் நாற்றங்கால் மூழ்கிக்கொண்டிருந்தாலும் ஆள் தானாக மடையைத் திறக்கக் கூடாது. முதலில் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் வீட்டுக்கு ஓடிக் கேட்க வேண்டும். கேட்காமல் திறந்து நாற்றைக் காப்பாற்றிய ஒருவரைக் களத்தில் கட்டி வைத்து அடித்ததை அவள் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். நாற்று பிழைத்தது ஒரு பொருட்டாகவே இல்லை. பின்னால் சங்கம் வந்தது, செங்கொடி வந்தது, மருதையன் கூலிக்காகக் காரியக்காரர் முகத்துக்கு நேரே பேசக் கற்றுக்கொண்டார். மகளுக்கு அது இன்னும் வரவில்லை.

மறுதேர்விலும் தோற்றால் உதவித்தொகை நிற்கும். விடுதியைக் காலி செய்ய வேண்டும். ஊரில் அப்போது அறுவடைக் கூலித் தகராறு. வரப்பில் போலீஸ் நின்றது. திரும்பிப் போனால் அந்த வயலில்தான் இறங்க வேண்டும்.

அவளோடு சேர்ந்து தோற்றவள் வள்ளியம்மை. மயிலாடுதுறைப் பக்கம் சொந்த நிலமுள்ள குடும்பம். அப்பா ரெங்கசாமி கூலி பேசுகிற பக்கத்தில் அல்ல, கூலி கொடுக்கிற பக்கத்தில் இருந்தார். அவள் தோற்றது நேர் எதிர்க் காரணத்தால். பூச்சிமருந்து குடித்தவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வாயில் நுரை, உதடு நீலம், கண்மணி சுருங்கியிருக்கிறது என்று கேட்டதும், "அட்ரோபின் போட்டுடுவேன்" என்றாள். டெல்டா ஆஸ்பத்திரிகளில் பழகிய எந்த மாணவிக்கும் வாயில் முதலில் வருவது அந்த முறிமருந்தின் பெயர்தான். வாரம் தவறாமல் அப்படி ஒருவர் வருவார். "உதடு நீலமா இருக்குன்னு சொன்னேனே, கேட்டியா? மூச்சு இல்லாதவனுக்கு முதல்ல மருந்தா? யார் எழுதிக் கொடுத்த மருந்து?" என்று கேட்டார் தேர்வாளர்.

மறுதேர்வுக்கு இருவரும் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில், மதியப் பாத்திரங்கள் கழுவும் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்தார்கள். நட்பு என்று அதைச் சொல்வது அதிகம். வேறு துணை கிடைக்கவில்லை.

"உங்க ஆளுங்க அறுப்புக்கு இறங்க மாட்டேங்கிறாங்களாம். நெல்லு வயல்லயே கொட்டுது" என்றாள் வள்ளியம்மை.

"உங்கப்பா மாதிரி ஆளுங்க கூலியைப் பேசி முடிச்சா நாளைக்கே இறங்குவாங்க."

"எங்கப்பாகிட்ட நீயே வந்து பேசேன்."

"வர்றேன். நீ மொதல்ல உதடு நீலமா, செகப்பான்னு பாக்கக் கத்துக்க."

வள்ளியம்மை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, தபால்காரி. அந்த ரத்தக் கேள்வியையே எடு. நான்தான் நோயாளி."

பெஞ்சில் நீட்டிப் படுத்துக்கொண்டு உடம்பை உதறினாள். "ஐயோ சிஸ்டர், குளிருது! இடுப்பெல்லாம் வலிக்குது!"

"டாக்டரைக் கூப்பிட்டுட்டு வர்றேம்மா."

"போ. நல்லாப் போ. நீ போய், அவர் டீ குடிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் இந்தப் பாட்டில் எனக்குள்ள எறங்கிக்கிட்டேதான் இருக்கும்."

செவ்வந்தி எழுந்தவள் அப்படியே நின்றாள். பாடம் அவளுக்குத் தெரியும்: ஒத்துக்கொள்ளாத ரத்தத்தில் உள்ளே போகும் ஒவ்வொரு சொட்டும் கேடு. ஆனால் டாக்டரைத் தேடி நடக்கும் அந்த நேரத்திலும் சொட்டு விழுந்துகொண்டிருக்கும் என்பதை அவள் நினைத்துப் பார்த்ததில்லை. கேட்கப் போவது எதுவும் செய்யாமலிருப்பது, அதனால் பிழை சேராது என்று நம்பியிருந்தாள். நடப்பதும் ஒரு செயல்தான். அதற்கும் விலை உண்டு.

"நிறுத்துறேன்" என்றாள். "மொதல்ல ரத்தத்தை நிறுத்துறேன். ஊசியை எடுக்க மாட்டேன், நரம்பு வேணும். புது டியூப்ல சலைன் ஓட விடுவேன். அப்புறம் டாக்டரைக் கூப்பிடுவேன். பாட்டிலைத் தூக்கிப் போடாம ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்புவேன்."

"ஒருவேளை அது மலேரியாக் குளிரா இருந்து, நீ வீணா நிறுத்தியிருந்தா?"

"டாக்டர் பாத்துட்டு மறுபடி ஏத்தச் சொல்லட்டும். நிறுத்தினதைத் திரும்பத் தொடங்கலாம். நீ போட்ட அட்ரோபினைத் திரும்ப உறிஞ்ச முடியுமா?"

வள்ளியம்மை எழுந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு பக்கமாகப் புரட்டினார்கள். நான் போய் வருவதற்குள் என்ன நடக்கும் என்பது செவ்வந்தி தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. நான் செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது வள்ளியம்மைக்கு. எல்லாக் கேள்விக்கும் இது பொருந்திவிடவில்லை. பூச்சிமருந்துக் கேள்வியில் வாய் நுரையை உறிஞ்சி எடுப்பதும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், ஆக்சிஜன் கொடுப்பதும் நிறுத்துகிற வேலைகள் அல்ல, புதிதாகத் தொடங்குகிற வேலைகள். அவற்றுக்கு உத்தரவு வேண்டுமா என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டார்கள். மூச்சு காத்திருக்காது, அதற்காகத்தான் வார்டில் நர்ஸ் இருக்கிறாள் என்று முடிவு செய்தபோது சமையல்காரப் பூவம்மாள் வந்து, "எந்திரிங்கடி, பெஞ்சைத் தொடைக்கணும்" என்று விரட்டினாள்.

மறுதேர்வில் தேர்வாளர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெளியூரிலிருந்து வந்த நர்ஸிங் கண்காணிப்பாளர் அமிர்தம். மற்றவர் மருந்தியல் கற்பிக்கும் டாக்டர் தியாகராசன்; மாணவிகளை அழ வைத்துத்தான் அனுப்புவார் என்று பெயர்.

அமிர்தம் இன்சுலின் கேள்வியையே கேட்டார். செவ்வந்தி நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன் என்றாள். பதில் சொல்கிறாரா, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன் என்றும் சொன்னாள். டாக்டருக்குச் சொல்வது அதன் பிறகு.

"முதலில் சிறுநீரில் சர்க்கரை பார்க்க வேண்டாமா?"

"வேண்டாம்மா. சிறுநீர்ப்பையில இருக்கிறது முன்னாடியே சேர்ந்தது. ரத்தத்துல இப்போ என்ன இருக்குன்னு அது சொல்லாது. பாக்குறதுக்குள்ள நினைவு தப்பிடும்."

"தப்பிவிட்டது. இப்போது?"

"வாயில ஒண்ணும் ஊத்த மாட்டேன், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு நான் பக்கத்துலயே இருப்பேன். ஆளை விட்டு டாக்டரை வரச் சொல்லுவேன். அவர் வர்றதுக்குள்ள நரம்புல போடுற குளுக்கோஸ் தயாரா இருக்கும்."

அமிர்தம் தலையாட்டவில்லை, குறித்துக்கொண்டார். தியாகராசன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"இதய நோயாளி. டிகாக்சின் மாத்திரை கொடுக்கிற நேரம். நாடி ஐம்பத்திரண்டு."

"மாத்திரையை நிறுத்தி வைப்பேன் சார், அது நாடியை இன்னும் கொறைக்கும். நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணுவேன். வாந்தி இருக்கா, பார்வை எப்படி இருக்குன்னு கேப்பேன்."

"எண்ணினாலும் ஐம்பத்திரண்டுதான். காலையில் வாந்தி. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார்."

"மருந்து நஞ்சாகிற அறிகுறி. டாக்டருக்குச் சொல்லுவேன்."

"அந்த டாக்டர் நான்தான். போனில் சொல்கிறேன்: பரவாயில்லை, கொடு. அடுத்து என்ன செய்வாய்?"

இந்தக் கேள்வி அவர்கள் படித்ததில் இல்லை. செவ்வந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஊரில் பழகிய பதில் வாய் வரை வந்துவிட்டது: நீங்க சொன்னா சரி சார். அதைச் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவள் கட்டிலில் இருப்பவரை நினைத்தாள். மாத்திரை ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் அவருக்குப் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. ஏற்கெனவே மருந்து உடம்பில் மிஞ்சித்தான் கிடக்கிறது. விழுங்கிவிட்டால் எடுக்க முடியாது.

"கொடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"மொதல்ல, உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேனான்னு பாப்பேன். நாடியை மட்டும் சொல்லியிருந்தா அது என் தப்பு. வாந்தி, மஞ்சளாத் தெரியறது, நீர் பிரியறதுக்கு மாத்திரை சாப்பிடுறாரான்னு எல்லாம் சொல்லி, வந்து பாருங்கன்னு கேப்பேன். அந்த நீர் மாத்திரை சாப்பிட்டா உடம்புல பொட்டாசியம் கொறைஞ்சிருக்கும், நஞ்சு சீக்கிரம் ஏறும்."

"கேட்டும் நான் கொடு என்கிறேன்."

"அப்பவும் என் கையால கொடுக்க மாட்டேன் சார். வார்டு சிஸ்டர்கிட்டயும் உங்களுக்கு மேல இருக்கிற டாக்டர்கிட்டயும் சொல்லுவேன். நடந்ததை அப்படியே குறிச்சு வைப்பேன். நோயாளிகிட்டயிருந்து நகர மாட்டேன்."

"நான் டாக்டர். நீ மாணவி."

"ஆமாங்க சார். ஆனா நாடி ஐம்பத்திரண்டுதானே?"

அமிர்தம் சட்டென்று குனிந்து, சிரிப்பை மறைக்க மேசையில் எதையோ தேடினார். தியாகராசன் அவளைப் பார்த்தார். பாராட்டு என்று சொல்லும்படி அந்தப் பார்வையில் ஒன்றுமில்லை. "அடுத்த பெண்ணை வரச் சொல்" என்றார்.

வெளியே நின்ற வள்ளியம்மை கையைப் பிடித்தாள். "அழுதியா?"

"இல்லடி. சார்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"போச்சு" என்றாள் வள்ளியம்மை. "சரி, நான் உள்ள போய் எல்லாத்துக்கும் டாக்டரைக் கூப்பிடுறேன்."

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். இரண்டு பெயரும் இருந்தன. வள்ளியம்மைக்கு இரண்டு மதிப்பெண் கூடுதல். அதை அவள் அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சொல்லிக்காட்டினாள்.

மருதையன் முடிவு கேட்க ஊரிலிருந்து வந்து பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். தோளில் சிவப்புத் துண்டு. மகள் தேறிவிட்டாள் என்று கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்து, என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். அவள் டிகாக்சின் கதையைச் சொன்னாள்.

"டாக்டரே கொடுன்னு சொல்லியுமா முடியாதுன்னே?"

"ஆமாப்பா."

"அப்படியும் பாஸ் போட்டாங்களா?"

"போட்டாங்க."

மருதையன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். முகத்தில் கவலை வந்தது. "அந்த ஆளு பொழைச்சாரா?"

"எந்த ஆளு?"

"மஞ்சளாத் தெரியுதுன்னாரே, அவரு."

"அது கேள்விப்பா. அப்படி ஒரு ஆளே கெடையாது."

"அடப்பாவிகளா" என்றார் மருதையன். "இல்லாத ஆளுக்கா நான் இவ்வளவு நேரம் பதறுனேன்?" பிறகு, டம்ளர் தளும்பத் தளும்ப, கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.