நான்காம் குழுவின் கடைசி ஆள்

எங்கள் நடைக் கழகத்தில் அவளை எல்லோரும் ‘வால்’ என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தேழு வயதுப் பெண்மணிக்கு வைக்கிற பேரா இது என்று கேட்காதீர்கள். எந்த நடையிலும் கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது அவள் வேலை. அவள் கோட்டைத் தாண்டினால்தான் நடை முடிந்ததாகக் கணக்கு. அவளுக்கு முன்னால் யாராவது செருப்பு வார் அறுந்து உட்கார்ந்தால், அவளும் நிற்பாள்.

மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்தில் உதவியாளர். கடைசிப் பிள்ளை இறங்கியதும், ஓட்டுநர் எவ்வளவு முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூடப் பேருந்தில் தூங்கிப்போய் மாட்டிக்கொண்டதில்லை. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், ஆனால் ராத்திரி கதவைப் பூட்டியாச்சா என்று பார்ப்பது அவள்தான்.

நான் அச்சகம் வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி சொல்வாள். கழகத்தின் கடிதங்களை அச்சிடுவதும், முடிவுக்கோட்டில் நேரம் குறிப்பதும் என் பொறுப்பு.

இந்த வருடக் கடிதத்தை எங்கள் கழகக் கேப்டன் கையால் எழுதிக் கொடுத்தார். மின்சாமான் கடைக்காரர், எழுத்து மட்டும் கலெக்டர் உத்தரவு மாதிரி இருக்கும்.

“அன்புள்ள உறுப்பினர்களுக்கு, மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலிகள் வாங்க நமது நடை வரும் ஞாயிறு நடைபெறும். தூரம் பதினைந்து கிலோமீட்டர். அனைவரும் காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். முதல் குழு மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம். பத்து நிமிட ஓய்வு சேர்த்து 8.40க்கு முடிக்கும். இரண்டாம் குழு ஐந்து கிலோமீட்டர் வேகம்; கால் மணி ஓய்வோடு 9.15. மூன்றாம் குழு நான்கு கிலோமீட்டர் வேகம். அதே ஓய்வோடு 10.00. உங்களால் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்.”

போன வருடப் பக்கத்தைக் கணினியில் திறந்து, தேதியை மாற்றி, நான்காம் குழுவை நீக்கினேன். நீக்கினேன் என்று அழுத்திச் சொல்கிறேன். கேப்டன் கையெழுத்துப் போட்டுத் தந்த மாதிரித் தாளில் மூன்றே குழுதான். அறுபத்தைந்து பிரதி ஓட்டி, அறுபதை மடித்துத் தபாலில் போட்டேன்.

மறுநாள் கேப்டன் கடிதத்தோடு கடைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இதை எதுக்குய்யா சேர்த்தே?”

இந்த வருடத் தேதி. கேப்டனின் வாசகம். மூன்றாம் குழுவுக்குக் கீழே இன்னொரு வரி: ‘நான்காம் குழு மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம், இருபது நிமிட ஓய்வோடு 11.20.’ கணினியில் பார்த்தோம். மூன்று குழு. மிஞ்சியிருந்த பிரதிகளைப் பார்த்தோம். நான்கு.

நான்காம் குழு என்பது ஒரே ஆள். கணக்கு வாத்தியார். முழங்கால் தேய்ந்தவர், ஆனால் நடக்காமல் இருக்க மாட்டார். அவருக்காகவே போன வருடம் கேப்டன் அந்த வரியைச் சேர்த்தார். நடையன்று பதின்மூன்றாம் கிலோமீட்டரில், வாய்க்கால் பாலத்தில், வால் அவரை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். வாழ்க்கையில் ஒரே தடவை. 11.20 ஆயிற்று, 12 ஆயிற்று, அவர் வரவில்லை. போய்ப் பார்த்தபோது பாலத்துச் சுவரில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

ஏன் வந்தாள் என்று ஊரே கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. காரணம் நான். முடிவுக்கோட்டுக் கூடாரத்தைப் பிரிக்கக் கூடாரக்காரன் அவசரப்படுத்தினான் என்று அவளுக்கு போன் செய்து, “அவர் வந்துருவாரு, நீங்க கிளம்பி வாங்க” என்று நச்சரித்தவன் நான். அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் போல ஒரு கோழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு அவள் நடைக்கே வரவில்லை. கடிதம் போன மூன்றாம் நாள், கேப்டனும் இருக்கும்போது, என் அச்சகத்துக்கு வந்தாள்.

“இந்தத் தடவையும் நான்தானே கடைசி?”

“அது அச்சுப் பிழைம்மா. எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடறேன்” என்றார் கேப்டன்.

“அறுபது வீட்டுக்குப் போயிருக்கு. அதை நம்பி யாராவது வந்தா? யாரு பின்னாடி நடப்பா?”

கேப்டன் பட்டியலில் அவள் பேரை எழுதினார். கழகத்து விதி அப்படி.

ஞாயிறன்று நாற்பத்திரண்டு பேர் புறப்பட்டார்கள். நான்காம் குழுவுக்கு யாரும் பேர் கொடுக்கவில்லை. மூன்றாம் குழு கிளம்பிய பிறகும் அவள் நின்றாள். அப்புறம், யாரோ முதல் அடி எடுத்து வைக்கக் காத்திருந்த மாதிரி, மெதுவாக நகர்ந்தாள்.

7.40க்கு ஐந்தாம் கிலோமீட்டர் தண்ணீர் மேசையிலிருந்து போன்: “வால் அக்கா தாண்டிட்டாங்க. கூட ஒருத்தர் போறாரு.”

“யாரு?”

“முகம் பார்க்கலண்ணே. அக்காவுக்கு அந்தப் பக்கமா இருந்தாரு.”

பத்தாம் கிலோமீட்டரில் இருந்தவர் மருந்துக்கடைக்காரர், கழகத்துக்குப் புதுசு. வாத்தியாரைப் பார்த்ததே இல்லை. 9.40க்குப் பேசினார். “இருபது நிமிஷம் உட்கார்ந்துட்டு இப்பதான் கிளம்பினாங்க. ரெண்டு பேருன்னு குறிச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏன் ரெண்டுன்னு எழுதினேன்னு இப்ப எனக்கே தெரியல சார்.”

பத்து மணிக்கு மூன்றாம் குழு வந்து முடித்தது. எல்லோரும் கால் நீட்டி அரட்டை அடித்தார்கள். 11.20 ஆயிற்று. சாலையில் ஒருவரும் இல்லை. கேப்டன் என்னைப் பார்த்தார். “ஒரு போன் போட்டுப் பாரேன்.”

போனை எடுத்தேன். அதை மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.

பாலத்துச் சுவருக்கு எதிரே அவள் நின்றிருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் யாரும் இல்லை. பக்கத்துப் புதரில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“ஏன் நின்னுட்டீங்க?”

“அவரு எழுந்திருக்கலையே.”

அவள் அழவில்லை, பைத்தியம் மாதிரியும் இல்லை. பேருந்தில் பிள்ளை புத்தகப் பையை மாட்டும்வரை நிற்பாளே, அந்தப் பொறுமை.

“போன் பண்ணது நான்தான்னு யார்கிட்டயும் ஏன் சொல்லல?” என்று கேட்டேன். ஒரு வருடமாக அடைத்திருந்தது அப்படியே வெளியே வந்தது.

“யார்கிட்ட சொல்லணும்? அவரு பக்கத்துலதானே இருந்தாரு. எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.”

சுவரைப் பார்த்தேன். அங்கே பார்த்துப் பேசுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் இருப்பதற்கு அதைவிட. “சார், அன்னிக்கு நான் அவசரப்படுத்தியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான்” என்றேன்.

பிறகு வால் சட்டென்று ஓர் அடி பின்வாங்கினாள், ஒருவர் எழுந்து வருவதற்கு வழி விடுவதுபோல.

“நான் முன்னாடி போறேன்” என்றாள். “இன்னிக்கு நீங்க கடைசியா வாங்க.”

அவள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கிருந்து, ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓடினால் அவரைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

தாண்டவில்லை. இரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், அந்த வேகத்திலேயே பின்னால் நடந்தேன்.