ஷார்ப்னஸ் நூறு

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு அச்சகத்தில் டைப்செட்டிங் வேலை எனக்கு. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு சின்ன எழுத்துகள் மங்கின. கண்ணாடி போட மனம் வரவில்லை. மானிட்டரின் ஷார்ப்னஸை நூறுக்குத் தள்ளிவிட்டேன். எழுத்தெல்லாம் வெட்டி வைத்தது மாதிரி தெரிந்தது. பக்கத்து மேசைச் சேச்சி, இந்த மானிட்டருக்கு ஐம்பதுதான் நடுநிலை என்று பலமுறை சொன்னார். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

போன வருடம் என் மனைவி இறந்தாள். பதினாறாம் நாளில் கொடுக்கும் நினைவு அட்டையை நானே செய்தேன். படத்தில் அவளுக்குச் சாம்பல் நிறச் சேலை. அதன் மேலேயே பெயரையும் இரண்டு தேதிகளையும் கொஞ்சம் அடர்ந்த சாம்பலில் வைத்தேன். திரையில் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது, அழகாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

காரியத்துக்கு முந்தைய நாள் காலையில் அச்சடித்து வந்த அட்டைக் கட்டை மகள் பிரித்தாள்.

"அப்பா, அம்மாட பேரு எங்க? காணவே இல்லியே."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெயர் சேலைக்குள் அமுங்கிக் கிடந்தது. நாளைக்கு வருகிறவர்கள் கையில் பெயரில்லாத ஒரு பெண்ணின் படத்தையா கொடுப்பது?

அட்டையோடு அச்சகத்துக்கு ஓடினேன். சேச்சி அட்டையின் ஃபைலைத் திறந்து, என் மானிட்டரின் அடியில் இருந்த பொத்தானை அமுக்கி, ஷார்ப்னஸை ஐம்பதுக்கு இறக்கினார். வெள்ளைக் கோடு போய்விட்டது. அச்சில் இருந்தது போலவே திரையிலும் பெயர் தெரியவில்லை.

"அந்த வெள்ளைக் கோடு ஃபைல்ல இல்ல அண்ணா. ஓரத்தை எடுத்துக் காட்டறதுக்கு வேண்டி மானிட்டர் சும்மா போடுறதாக்கும். பிரிண்ட்ல எப்படி வரும்? ப்ரூஃப் எடுத்தில்லயா?"

எடுக்கவில்லை. சரிபார்க்க எடுக்கும் ப்ரூஃப் தாளில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாமல் எங்கள் அச்சகத்தில் எதுவும் மெஷினுக்குப் போகாது. இதற்கு வாடிக்கையாளர் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஷார்ப்னஸை நடுவிலேயே விட்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பெயரையும் தேதிகளையும் படத்துக்குக் கீழே வெள்ளையில் கறுப்பாக வைத்தேன். ஓரங்கள் மென்மையாகத் தெரிந்தன. சேச்சி ஒரு தாள் அடித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"ஒப்பம் போடணும் அண்ணா. நீங்கதானே கஸ்டமர்."

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவள் போய்விட்டாள் என்றார்கள், நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பெயருக்கு நேரே 'சரி' என்று எழுதினேன். பிறந்த தேதிக்கு நேரே எழுதினேன். இறந்த தேதிக்கு வந்ததும் கை நின்றது. தேதியில் பிழை ஒன்றும் இல்லை. சேச்சி எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். வெகுநேரம் கழித்து அதற்கும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.