பையை இப்போதே எடுத்துவிடுங்கள்

என் சித்தி இருபத்திரண்டு வருடங்களாக மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறார். வெந்நீர்ப் பை செய்யும் ஒரு கம்பெனியில், ஸ்டோர் ரூமுக்கும் குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மேசை. அதுதான் புகார்ப் பிரிவு. பிரிவில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் அவர் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. போன மாதம் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்து அதை இரண்டாக்கினார். சித்தப்பா இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாற்காலி உக்கார்றதுக்கு. கண்ணாடி வெக்க மூக்குன்னு ஒண்ணு இருக்கு" என்றார் சித்தி.

"ஆபீஸ்ல மட்டும் நாள் முழுக்க வருந்தறியே?"

"அங்க சம்பளம் தராங்க."

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த சமயம் அது. சித்தி இந்தக் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். பாதி காய் நறுக்கும்போது, மீதி துணி மடிக்கும்போது. வரிசைப்படுத்தியது மட்டும் என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மூடி ஒழுகுகிறது என்று எழுதிய ஒருவருக்குச் சித்தி பதில் அனுப்பினார். 'தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம்.' ஒரு வாரம் கழித்து அந்த மனிதர் கடிதத்தோடு நேரில் வந்துவிட்டார். மூன்று பேரிடம் காட்டினாராம். ஒருவர், புது மூடி தருவார்கள் என்றாராம். இன்னொருவர், தரமாட்டார்கள் என்றாராம். மூன்றாமவர், கம்பெனி இவரிடம் ஏதோ உதவி கேட்கிறது என்றாராம். அதனால்தான் வந்தேன், என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்.

அன்றிலிருந்து சித்தி எந்தப் பதிலையும் தபாலில் போடுவதற்கு முன்னால், புகார் செய்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு முழுக்கப் படித்துக் காட்டுவார். படித்து முடித்ததும், "இப்ப நீங்க என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்பார். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் தபால். இல்லாவிட்டால் கடிதம் கிழிபடும். இப்படி ஒரு வழக்கம் இருப்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் எட்டே நாளில் பதினொரு புகார் வந்தது. எல்லாம் ஒரே புகார். பையின் பக்க ஓரம் பிரிந்து, வெந்நீர் உடம்பில் கொட்டிவிட்டது. சித்தி பதினொரு பேரையும் கூப்பிட்டுப் பேசி, பையின் கழுத்துக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் 47, 48, 49 என்று தொடங்கின. அடுத்தடுத்த மூன்று வாரங்களில் செய்தவை. கடைகளில் ஆறாயிரம் பை ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது.

பதினோராவது ஆள் ஒரு லாரி டிரைவர். இடுப்பு வலிக்குப் பையை முதுகுக்குக் கீழே வைத்துப் படுத்தவர். இப்போது ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தார். அதனால் போனை அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

"தண்ணிய ரொம்பக் கொதிக்க விட்டுட்டோமோன்னு இவர் என்னையே குத்தம் சொல்றாருக்கா."

"நான் எங்கடி சொன்னேன், கேட்டேன்" என்று பின்னாலிருந்து தலையணைக்குள்ளே ஒரு குரல்.

சித்தி எண்களை முதலாளியிடம் கொண்டுபோனார். அன்றே பை அனுப்புவதை நிறுத்தினார்கள். அரசாங்கத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்கள். மறுநாள் பத்திரிகைகளில் அறிவிப்பு கொடுக்க முடிவாகி, வக்கீல் எழுதினார். எழுத்துப்பிழை பார்த்து நாலு மணிக்குள் பத்திரிகைகளுக்கு அனுப்பும் வேலை சித்திக்கு வந்தது. அதில் இப்படி இருந்தது:

'எங்கள் தயாரிப்புகளில் மிகச் சில, குறிப்பிட்ட சூழல்களில், எதிர்பார்க்கப்பட்ட செயல்திறனிலிருந்து விலகியிருக்கக்கூடும் எனத் தெரியவந்துள்ளது. இதனால் எவருக்கேனும் அசௌகரியம் நேர்ந்திருப்பின் வருந்துகிறோம். நுகர்வோர் உரிய எச்சரிக்கையுடன் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. மணி இரண்டரை. சித்தி வழக்கம்போலப் போனை எடுத்து, டிரைவரின் மனைவியைக் கூப்பிட்டு, படித்துக் காட்டினார்.

"நல்லா இருக்குக்கா" என்றார் அந்தப் பெண். "பேப்பர்ல வர மாதிரியே இருக்கு."

"இப்ப நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"அதைத்தான் கேக்கலாம்னு. அந்தக் கடையிலேயே ரெண்டு பை வாங்கினோம். இன்னொண்ணை எங்க நாத்தனார் இப்ப முழங்கால்ல வெச்சிட்டிருக்கா. இதைக் கேட்டா எடுக்கணுமா, வெச்சுக்கலாமா?"

"எடுக்கச் சொல்லுங்க! இப்பவே எடுக்கச் சொல்லுங்க!"

அந்தப் பெண் வேறொரு போனில் நாத்தனாரை அதட்டுவது கேட்டது. பிறகு திரும்பி வந்து, "எடுத்துட்டா. ஏங்க்கா, இதை அதுல எழுதலியே?" என்று கேட்டார்.

சித்தி அறிவிப்பை அனுப்பவில்லை. அதை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். உள்ளே முதலாளி, வக்கீல், உற்பத்தி மேலாளர் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்பியாச்சாம்மா?" என்றார் முதலாளி.

"இல்லைங்க. படிச்சுக் காட்டினேன். புரியலையாம்."

"யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க?" என்றார் வக்கீல்.

"முதுகு வெந்தவர் வீட்டுக்கு."

வக்கீல் டீயைக் கீழே வைத்தார். "மேடம், நாளைக்கு நம்ம மேல கேஸ் போடப்போறவங்களுக்கே நம்ம டிராஃப்டைப் படிச்சுக் காட்டியிருக்கீங்க. இதுக்கு வேலையே போகலாம், தெரியுமா?"

"தெரியாதுங்க. இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் பண்றேன்."

முதலாளி சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

வக்கீல் கெட்டவர் அல்ல. பொறுமையாகவே விளக்கினார். கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் எழுத்தில் சம்மதிக்காமல், தப்பு எங்களுடையது என்று கம்பெனி ஒப்புக்கொண்டால், நஷ்டஈட்டுக்கு அவர்கள் கைவிரித்துவிடலாம். அதனால்தான் 'கூடும்', 'இருப்பின்'.

"சரிங்க. ஆனா இந்த நிமிஷம் ஆறாயிரம் பை யார் யார் உடம்பு மேலயோ இருக்கு" என்றார் சித்தி. "உரிய எச்சரிக்கைன்னா என்னங்க? பையை வெச்சுக்கிட்டு, பயந்துக்கிட்டே படுக்கறதா?"

அதுவரை வாய் திறக்காத உற்பத்தி மேலாளர், டீ கிளாஸைப் பார்த்தபடி, "பன்னிரண்டு நிமிஷம் வேகணும்" என்றார். "ரெண்டு ரப்பர் விளிம்பும் சூட்டுல அழுந்தி ஒண்ணாகறதுக்கு. ஆர்டர் நெருக்கினதால ஒன்பதா குறைச்சேன். பச்சைத் தண்ணி ஊத்தித்தான் சோதிச்சேன். தாங்குச்சு."

"குறைக்கச் சொன்னது நான்" என்றார் முதலாளி, இன்னும் ஃபேனைப் பார்த்தபடியே.

வக்கீல், தன் எதிரில் இதையெல்லாம் பேசவேண்டாம் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "எழுதிக் குடுங்க, பார்க்கலாம்" என்றார்.

சித்தி அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினார். பிறகு அவரும் வக்கீலும் வரி வரியாகப் பேரம் பேசினார்கள், சந்தையில் கூடப் பார்க்க முடியாத மாதிரி. 'எவ்வளவு செலவானாலும் நாங்கள் தருவோம்' என்ற வரியை வக்கீல் அடித்தார். சித்தி விட்டுக்கொடுத்தார். 'அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை' என்ற வரியிலும் வக்கீல் கைவைத்தார்.

"தப்பா பயன்படுத்தலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கேன். நோட்டுல இருக்கு. எவ்வளவு தண்ணி, எவ்வளவு சூடு, எத்தனாவது தடவை, எல்லாம். பதினொரு பேரும் கடிதத்தை எப்படி ஆரம்பிக்கறாங்க தெரியுமா? 'நான் தண்ணியக் கொதிக்க விடலீங்க'ன்னு. வெந்தது அவங்க தோலு, மன்னிப்புக் கேக்கறதும் அவங்களே."

நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, வக்கீல் பதினொரு பக்கமும் படித்தார். அந்த வரி பிழைத்தது.

மூன்றேகாலுக்கு இன்சூரன்ஸ் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லாவிட்டால் இன்னும் பேர் வெந்துபோவார்கள், அப்போது இதைவிடப் பெரிய கேஸ் வரும் என்று வக்கீலே வாதாடினார். எழுதியதைப் படிக்கச் சொன்னார் அதிகாரி. சித்தி படித்தார். முடித்ததும் பழக்கதோஷத்தில், "இப்ப நீங்க என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரி. "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. நம்பர் எங்க இருக்கும்னு சொன்னீங்க?"

"உறையைக் கழட்டுங்க. கழுத்துக்குக் கீழ."

அவர் வீட்டுக்குப் பேசிவிட்டு வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. 48. நஷ்டஈடு எவ்வளவு என்று மட்டும் எதுவும் எழுதக்கூடாது, மற்றபடி சம்மதம் என்று மூன்று ஐம்பதுக்கு மெயில் வந்தது. சித்தி மூன்று ஐம்பத்திரண்டுக்கு அறிவிப்பை அனுப்பினார்.

மறுநாள் முதல் பக்கத்தில் இது வந்தது, கீழே முதலாளியின் கையெழுத்தோடு:

'எங்கள் வெந்நீர்ப் பை இப்போது உங்கள் உடம்பில் இருந்தால், உடனே எடுத்துவிடுங்கள். ஆறியபின் உறையைக் கழற்றிக் கழுத்துக்குக் கீழே பாருங்கள். எண் 47, 48, 49 என்று தொடங்கினால் அந்தப் பையின் ஓரம் பிரியக்கூடும். எண் தெரியாவிட்டாலும் பயன்படுத்தாதீர்கள்.

இது எங்கள் தவறு. குளிர்காலத்துக்குள் நிறையப் பை செய்வதற்காக, ரப்பரைச் சூட்டில் வைக்கும் நேரத்தைப் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து ஒன்பதாகக் குறைத்தோம். குறைக்கச் சொன்னவன் நான். வெந்நீர் ஊற்றிச் சோதித்திருக்க வேண்டும். சோதிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்து பதினொரு பேருக்குத் தோல் வெந்திருக்கிறது. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பழையபடி பன்னிரண்டு நிமிடம் வைக்கிறோம். இனி ஒவ்வொரு வாரத்துப் பையையும் வெந்நீரில் சோதித்த பிறகே அனுப்புவோம். உங்கள் பையை எந்தக் கடையிலும் பில் இல்லாமல் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். காயம் பட்டிருந்தால் கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள். மனிதர்தான் எடுப்பார்.'

அந்த மனிதர் சித்தி. முதல் நாள் நானூறு அழைப்பு. இரண்டாம் நாளிலிருந்து கணக்குப் பிரிவிலிருந்து நாலு பேரை உதவிக்கு உட்காரவைத்தார்கள். இரண்டு வாரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பை திரும்பி வந்து, ஸ்டோர் ரூமில் நடக்க இடமில்லாமல் போனது. புதிதாக யாரும் வெந்ததாகத் தகவல் இல்லை.

சித்தப்பா அறிவிப்பை, ஒட்டுப்போட்ட கண்ணாடி வழியாக இரண்டு தடவை படித்துவிட்டு, "எனக்கு எப்ப பேப்பர்ல வரும்?" என்றார். அடுத்த நாள் மேசையில், மூக்குக்கண்ணாடி வைக்கும் புதுக் கூடு ஒன்று இருந்தது.

சித்திக்கு ஒரு மெமோவும் வந்தது. நிறுவன ஆவணத்தை வெளியாருக்கு வாசித்தமை குறித்து, விதிகளின்படி, உரிய விளக்கம் கோரப்படுவதாக. சித்தி வக்கீலுக்குப் போன் போட்டு அதை முழுக்கப் படித்துக் காட்டினார்.

"வேலைய விட்டுப் போகணுமா, உக்காரலாமா?"

"உக்காருங்க மேடம்" என்றார் வக்கீல். "இனிமே படிக்கறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க."

மூன்றாவது வாரம் லாரி டிரைவர் தானே கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். உட்கார முடிகிறது. சாய முடியவில்லை. அறிவிப்பைக் கத்தரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். பெண்டாட்டி அதைச் சுவரில் ஒட்டிவிட்டாளாம், தண்ணீரைக் கொதிக்க வைத்தது அவள் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். "முதுகு இன்னும் எரியுது."

"எரியும்ங்க" என்றார் சித்தி.

பிறகு சித்தி நோட்டில் பதினோராவது பக்கத்தைத் திறந்து, தேதி போட்டு, 'முதுகு இன்னும் எரிகிறது' என்று எழுதினார். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினார். சரிதான் என்று அவர் சொன்ன பிறகு போனை வைத்தார்.